பயாஸ் சிப்பின் பூட்டு

1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கம்ப்யூட்டரைப் போட்டவர்களுக்குச் சற்று நேரத்திலேயே இயந்திரம் உறைந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், சிலருக்கு மின்விசிறி மட்டும் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் அந்தத் தேதிக்காகவே காத்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அது அழித்தது பெரிய புதுமையல்ல. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவிட்டுப் போனதுதான் புதுமை. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு, அதைப் போடும் அளவுக்குக்கூட கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பழுதுபார்ப்பவர் சிப்பைக் கழற்றி வெளியே வேறு கருவியில் வைத்து எழுதவேண்டியிருந்தது, அல்லது போர்டையே மாற்றவேண்டியிருந்தது.

அதே காலத்தில் சில போர்டுகளில் ஜம்பர் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தொப்பி இருந்தது. அதை 'எழுதக் கூடாது' என்ற பக்கம் மாட்டி வைத்திருந்தால் வைரஸ் என்ன முயன்றாலும் சிப் அசையாது. அந்த ஜம்பர் இன்றைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இல்லை. அதன் வேலையைச் செய்யும் பூட்டுகள் உள்ளே போய்விட்டன. நம்மில் பலர் அவற்றைச் சந்திப்பது அப்டேட் செய்யும்போது வரும் ஒரு பிழைச்செய்தியில்தான்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் முதலில் ஓடும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர், பயாஸ், யு.இ.எஃப்.ஐ. என்பதெல்லாம் இதன் வகைகளே. எட்டுக் கால்கள் கொண்ட, விரல்நகத்தைவிடச் சிறிய ஃபிளாஷ் சிப் ஒன்றில் அது இருக்கும். ஃபிளாஷில் ஒரு எழுத்தை மட்டும் திருத்த முடியாது. வழக்கமாக 4 கிலோபைட் கொண்ட ஒரு துண்டை முழுசாக அழிக்க வேண்டும். அழித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகிவிடும். பிறகு வேண்டிய இடங்களில் பூஜ்யம் போட வேண்டும். அப்டேட் என்பது இப்படித் துண்டு துண்டாக அழித்து எழுதுவதுதான். அழித்தபின், எழுதுமுன் கரண்ட் போனால் அந்த இடம் காலி. 'அப்டேட் நடக்கும்போது அணைக்காதீர்கள்' என்று திரையில் கெஞ்சுவது இதனால்தான்.

பூட்டு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சிப்புக்குள்ளேயே. அதன் நிலைப்பதிவேட்டில் உள்ள சில பிட்டுகள், 'இந்தப் பகுதியில் எழுத விடாதே' என்று சொல்லும். அந்த பிட்டுகளையே யாரும் மாற்றாமல் தடுக்க இன்னொரு பிட்டும், சிப்பின் மூன்றாவது காலும் சேர்ந்து வேலை செய்யும். பிட்டைப் போட்டு, அந்தக் காலை எர்த்தோடு இணைத்துவிட்டால் எந்த மென்பொருளாலும் பூட்டைத் திறக்க முடியாது. கையில் ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

இரண்டாவது பூட்டு, பிராசஸருக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் சிப்செட்டில். இன்டெல் கம்ப்யூட்டர்களில் இதுதான் முக்கியமானது. 'எழுதலாம்' என்று ஒரு பிட். அதைப் போடாமல் எழுத முடியாது. ஆனால் நிர்வாகி உரிமை உள்ள எந்த நிரலும் அதைப் போட்டுவிட முடியுமே? அதற்காக இரண்டாவது பிட். அது போடப்பட்டிருந்தால், யாராவது முதல் பிட்டைத் தொட்டவுடன் பிராசஸர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, எஸ்.எம்.எம். என்ற தனி நிலைக்குப் போகும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கண்ணுக்கே தெரியாத அந்த நிலையில் ஃபர்ம்வேரின் காவல் நிரல் ஓடி, போடப்பட்ட பிட்டை எடுத்துவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிட்டைப் போடுவதற்கும் காவல் நிரல் அதை எடுப்பதற்கும் நடுவில் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதி இருக்கிறதே. ஒரே கோர் இருந்த காலத்தில் அந்த இடைவெளியை யாரும் பயன்படுத்த வழியில்லை. பல கோர்கள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஒரு கோர் ஓயாமல் 'எழுதலாம்' பிட்டைப் போட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஓயாமல் எழுத முயன்றுகொண்டே இருக்கும். பத்தில் ஒன்பது முறை தோற்றாலும் பரவாயில்லை, ஒருமுறை ஜெயித்தால் போதும். இந்த ஓட்டையை அடைக்க மூன்றாவது பிட்டும் இருக்கிறது: எல்லா கோர்களும் எஸ்.எம்.எம். நிலைக்குள் வந்த பிறகே எழுத விடும். ஆனால் அதைப் போடுவது ஃபர்ம்வேர் எழுதும் கம்பெனியின் பொறுப்பு. எல்லோரும் போடவில்லை.

போடாததன் விலை 2018 செப்டம்பரில் தெரிந்தது. ஸ்லோவாக்கியாவின் ஈசெட் நிறுவனம், ஒருவருடைய கம்ப்யூட்டரில் உண்மையிலேயே நிறுவப்பட்டிருந்த யு.இ.எஃப்.ஐ. ரூட்கிட்டை முதன்முதலாகக் கண்டுபிடித்து, அதற்கு லோஜாக்ஸ் என்று பெயரிட்டது. அது நுழைந்த விதத்தைப் பார்த்தால் மேலே சொன்ன பூட்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறது. 'எழுதலாம்' பிட் திறந்திருக்கிறதா? எழுது. மூடியிருந்தால், இரண்டாவது பிட் போட்டிருக்கிறதா? இல்லையென்றால் முதல் பிட்டைத் தானே போட்டுவிட்டு எழுது. இரண்டாவது போட்டிருந்து, மூன்றாவது இல்லையா? ஓட்டப்பந்தயத்தை ஆரம்பி. மூன்றும் இருந்தால் அதற்கு வழியில்லை. சிப்புக்குள் போய் உட்கார்ந்த பிறகு, விண்டோஸை மறுபடி போட்டாலும் ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் அது திரும்பி வந்தது.

சரி, இவ்வளவு காவல் இருந்தால் கம்பெனியின் அப்டேட் எப்படி நுழைகிறது? இங்கேதான் நேரம் முக்கியமாகிறது. இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரைப் போட்ட கணத்தில் திறந்தே இருக்கும். ஃபர்ம்வேர் தன் ஆரம்ப வேலைகளை முடித்து, விண்டோஸ் அல்லது லினக்ஸிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்கும் முன் அவற்றை மூடும். மூடியவற்றை அடுத்த ரீஸ்டார்ட் வரை திறக்க முடியாது. அதனால் முறையான அப்டேட், விண்டோஸுக்குள் இருந்தபடி சிப்பில் எழுதுவதில்லை. கேப்ஸ்யூல் என்னும் ஒரு கோப்பை மட்டும் வைத்துவிட்டு ரீஸ்டார்ட் கேட்கிறது. மறுபடி எழும் ஃபர்ம்வேர், பூட்டுவதற்கு முன்னால் அந்தக் கோப்பைப் பார்த்து, கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, தானே எழுதிக்கொள்கிறது. இந்த வழியில் நாம் எந்தப் பூட்டையும் தொடத் தேவையில்லை.

அப்படியானால் 'முதலில் எழுதுதடையை அணைக்கவும்' என்று சில வழிகாட்டிகள் ஏன் சொல்கின்றன? சில கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்திலிருந்தே நேரடியாகச் சிப்பில் எழுதுபவை. அவை மூடிய பூட்டின்மேல் முட்டிக்கொள்ளும். சில நேரம் தடை, பயாஸ் மெனுவில் அலுவலக நிர்வாகி போட்டது. திங்க்பேடில் `Flash BIOS Updating by End-Users` என்ற அமைப்பு அணைந்திருந்தால் சாதாரண பயனர் அப்டேட் செய்ய முடியாது. `Secure RollBack Prevention` போட்டிருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. இரண்டாவதை நான் தகுந்த காரணமில்லாமல் அணைக்கமாட்டேன். பழைய பதிப்பில் அடைபடாத ஓட்டைகள் இருக்கும்; தாக்குபவரும் அதே பதிப்பைத்தான் தேடுவார்.

குரோம்புக் இதை நன்றாகக் காட்டுகிறது. அதன் ஃபிளாஷில் ஒரு பகுதி தொழிற்சாலையில் எழுதிப் பூட்டியது. மற்றப் பகுதி திறந்தது. கூகுள் அனுப்பும் வழக்கமான ஃபர்ம்வேர் அப்டேட்டுகள் திறந்த பகுதியில் மட்டும் போய் உட்காரும். பூட்டிய பகுதி அவற்றின் கையெழுத்தைச் சரிபார்க்கும். ஆக, பூட்டைத் திறக்காமலேயே அப்டேட்டுகள் நடந்துகொண்டிருக்கும். முழு ஃபர்ம்வேரையும் மாற்றி வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட விரும்புபவருக்குத்தான் பூட்டு குறுக்கே வரும். பழைய மாடல்களில் பின்மூடியைத் திறந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். சிப்பின் அந்த மூன்றாவது காலை எர்த்தோடு இணைத்திருந்தது அதுதான். பின்னால் வந்த பலவற்றில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, சார்ஜரில் ஓட்டினால் பூட்டு விலகும். இரண்டிலும் எண்ணம் ஒன்றே: இணையம் வழியாக வருபவனுக்குக் கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்காது.

திறந்த பின்னும் கேட்டுப் பார்த்துவிட்டே எழுத வேண்டும்:

```
sudo flashrom -p internal --wp-status
```

பதிலில் `Protection mode: hardware` என்றிருந்தால் ஸ்க்ரூ கழன்றும் சிப்புக்குள் பிட்டுகள் பூட்டியபடியே இருக்கின்றன என்று பொருள். `disabled` என்று வரவேண்டும். பாதுகாக்கப்பட்ட நீளமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் ஒரு விபரீதம் நேரலாம். பல சிப்புகள் பூட்டிய இடத்தில் எழுதச் சொன்னால் 'முடியாது' என்று பதில் சொல்வதில்லை; கட்டளையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். பாதி இடம் பூட்டியிருந்தால் புது ஃபர்ம்வேர் பாதி, பழையது பாதி என்று நிற்கும். கருவி திரும்பப் படித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்: அழித்த இடத்தில் `0xff` எதிர்பார்த்தேன், வேறெதுவோ இருக்கிறது என்று திரையில் காட்டும்.

பூட்டு தவறுதலாக விழுந்துவிடுவதும் உண்டு. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-இல் ஃபிளாஷ் சிப்போடு பேசும் `intel-spi` என்ற டிரைவரில் ஒரு பிழை. அது சில லெனோவா லேப்டாப்புகளிலும் வேறு சிலவற்றிலும் சிப்பை எழுதமுடியாத நிலைக்குத் தள்ளிவிட்டது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடியது. ஆனால் பயாஸில் எதை மாற்றிச் சேமித்தாலும் சேமியாது, யு.எஸ்.பி.யிலிருந்து எழுப்ப முடியாது. டிசம்பரில் அந்தப் பதிப்பின் தரவிறக்கத்தை நிறுத்திவிட்டு, ஜனவரியில் திருத்தி வெளியிட்டார்கள். மருந்தும் அதே டிரைவர்தான்: பிழை திருத்திய கெர்னலைப் போட்டு ஒருமுறை எழுப்பினால், பல லேப்டாப்புகளில் பூட்டு தானாக விலகியது.

உங்கள் லேப்டாப்பின் நிலை தெரியவேண்டுமானால், லினக்ஸ் இருந்தால் `fwupdmgr security` என்று அடித்துப் பார்க்கலாம். இன்டெல் கம்ப்யூட்டரில் `SPI write: Disabled`, `SPI lock: Enabled` என்று வந்தால் சிப்செட்டின் பூட்டுகள் விழுந்திருக்கின்றன. முதல் வரி மாறியிருந்தால், நீங்கள் பயாஸ் மெனுவில் எதையாவது அணைத்துவிட்டு மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். அணைக்கவில்லையென்றால், கம்பெனியின் புதிய பயாஸ் பதிப்பில் திருத்தம் வந்திருக்கலாம். எழுதும்போது பாதியில் பிழை வந்தால் கம்ப்யூட்டரை அணைக்காமல், ரீஸ்டார்ட்டும் செய்யாமல், எடுத்து வைத்திருந்த பழைய நகலை அப்படியே திரும்ப எழுத முயல வேண்டும். சிஸ்டம் நினைவகத்தில் இருக்கும்வரை அந்த வாய்ப்பு இருக்கிறது. அணைத்துவிட்டால் அடுத்தது சிப்பின் கால்களில் கிளிப் மாட்டி வெளிக்கருவியால் எழுதுவதுதான். சில லேப்டாப் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட்டில் ஓடுபவை என்பதால், கிளிப்பை மாட்டுமுன் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.