‘டயட்டை மதிப்பதில்லை’ என்று எழுதினால் சர்க்கரை இறங்குமா?

காலில் அடிபட்ட இடம் சீழ் வைத்து, காய்ச்சலோடு பொது மருத்துவ வார்டில் சேர்கிறார் 56 வயதுக்காரர் ஒருவர். இரவுக் காவலாளி வேலை. சர்க்கரை நோய் வந்து 11 வருடம். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 11.4 சதவீதம். ஏழுக்குக் கீழே இருந்திருக்க வேண்டியது. கேஸ் ஷீட்டில் டாக்டர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்: ‘டயட்டீஷியன் பார்க்கவும், 1200 கலோரி டயபெடிக் டயட்.’

இவர் விளக்கத்துக்காக இங்கே உருவாக்கிய நோயாளி. ஆனால் இவரைப் போன்றவர் இல்லாத மெடிக்கல் வார்டு இருக்காது. இவருக்காக டயட்டீஷியன் எழுதும் குறிப்பின் பெயர் ‘அடைம்’. அசெஸ்மென்ட், டயக்னசிஸ், இன்டர்வென்ஷன், மானிட்டரிங், எவாலுவேஷன் என்ற ஐந்து சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. விசாரித்து அளப்பது, உணவுப் பிரச்சினை எது என்று சொல்வது, அதற்குச் செய்வது, எதைக் கண்காணிப்பது, பலித்ததா என்று பார்ப்பது என்பது அந்த வரிசை. 2003-இல் அமெரிக்க டயட்டீஷியன்கள் சங்கம் உணவுச் சிகிச்சைக்கு ஒரு பொது நடைமுறையை ஏற்றுக்கொண்டது. அந்த நடைமுறையைத் தாளில் இறக்கும் வடிவம்தான் இது.

ஐந்து தலைப்புகளையும் நிரப்புவது யாருக்கும் கடினமில்லை. ஐந்தும் ஒரே நூலில் கோத்திருக்கிறதா என்பதில்தான் குறிப்பின் தரம் தெரிகிறது. அந்த நூல் பெரும்பாலும் அறுந்துபோவது இரண்டாவது தலைப்பில்.

முதல் தலைப்பிலிருந்தே பார்ப்போம். உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. இதை மட்டும் பார்த்தால் கொஞ்சம் எடை கூடிய ஆள் என்று தோன்றும். இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கூடுதல், இவருக்கு 24. ஆனால் மூன்று மாதம் முன்பு ஓபி சீட்டில் இருந்த எடை 72 கிலோ. ஆறு கிலோ, அதாவது எட்டு சதவீதத்துக்கும் மேல், அவர் நினைக்காமலே கரைந்திருக்கிறது. சர்க்கரை சிறுநீரில் வழிந்து போகும்போது கூடவே கலோரியும் போகிறது. புண் ஆற வேண்டிய உடம்பு இப்படி இளைத்துக்கொண்டிருக்கும்போது 1200 கலோரி என்பது பட்டினி. பழைய ஓபி சீட்டைப் புரட்டாத டயட்டீஷியன் அந்த 1200-ஐ அப்படியே தட்டில் வைத்துவிடுவார்.

ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் 2.6. உடனே ‘புரதக் குறைபாடு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அவசரப்படக் கூடாது. கிருமித் தொற்றும் வீக்கமும் இருக்கும்போது ஆல்புமின் தானாகவே இறங்கும். அது நோயின் கடுமையைக் காட்டுகிறதே தவிர, சாப்பாட்டை அளக்கும் கோல் அல்ல.

காலை ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 312. சார்ட்டில் ‘ஃபாஸ்டிங்’ என்று போட்டிருக்கிறது. படுக்கைக்குப் பக்கத்து லாக்கர் மேல் ஒரு ஃபிளாஸ்க். விசாரித்தால், ஐந்தரைக்கே மனைவி இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ கொடுத்துவிட்டார். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் மதியம் சர்க்கரை தரைக்கு இறங்கலாம். அதனால் குறிப்பில் ‘312, டீ குடித்த பின்’ என்று சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டு விசாரணை. ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டால் வார்டில் கொடுத்த கஞ்சியையும் ரொட்டியையும் சொல்வார். உடம்பு முடியாமல் போவதற்கு முந்தைய ஒரு வேலை நாளைக் கேட்க வேண்டும். கேட்டால் வருவது இதுதான்: காலை எட்டு மணிக்கு வீடு வந்து சாப்பிடாமல் தூக்கம், மதியம் ஒரு மணிக்குக் குவித்த சோறு, இரவு ஒன்பதரைக்குப் பரோட்டா, விடியும்வரை தூக்கம் வராமலிருக்க ஐந்து கிளாஸ் டீ. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் டீயில் மட்டும் சுமார் 50 கிராம் சர்க்கரை. சோற்றை அளந்துபார்த்தால் 400 கிராம் வரும். அதில் 110 கிராம் மாவுச்சத்து. அவருடைய ஒரு நாளின் பாதி மாவுச்சத்து ஒரே தட்டில் இறங்கிவிடுகிறது. அதற்கு முன் ஐந்து மணி நேரம் வெறும் வயிறு.

இங்கேயே பலர் நோட்டை மூடிவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

“ஐயா, சாயங்கால ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிடுவீங்க?”

“டூட்டிக்கு ஓடணும்ல மேடம். ஆறரைக்குப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன், சாப்பாடு ஒன்பதரைக்குத்தான். ரெண்டு தடவை கை காலெல்லாம் நடுங்கி வேர்த்து ஊத்திடுச்சு. அதுலேர்ந்து சாயங்கால ஊசியே போடறதில்ல.”

அவர் போடுவது கலவை இன்சுலின். போட்டு அரை மணிக்குள் சாப்பாடு வயிற்றுக்குள் போக வேண்டும். மூன்று மணி நேரம் தள்ளினால் தாழ்சர்க்கரை வரத்தான் செய்யும். பயந்துபோய் ஊசியை நிறுத்தினார், சர்க்கரை ஏறியது. வாய்க்கு அடங்காமல் வந்த நிலையல்ல இது. ஷிஃப்ட் நேரமும் பயமும் சேர்ந்து செய்த வேலை.

இப்போது இரண்டாவது தலைப்பு. ‘கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய்’ என்று இங்கே எழுதக் கூடாது; அது டாக்டர் கண்டறிந்த நோய். டயட்டீஷியன் எழுத வேண்டியது, உணவால் சரிசெய்யக்கூடிய பிரச்சினை. அதை மூன்று துண்டுள்ள ஒரே வாக்கியமாக எழுதுவது மரபு: பிரச்சினை, அதன் காரணம், அதற்கான சான்று. வார்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் வடிவம் இப்படி இருக்கும்: ‘அதிக மாவுச்சத்து உட்கொள்ளல், டயட்டை மதிக்காததால், எச்பிஏ1சி 11.4 சான்று.’ இதில் காரணம் என்று எழுதியிருப்பது நோயாளியின் மீது ஒரு புகார். புகாருக்கு என்ன சிகிச்சை கொடுக்க முடியும்? ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்பதைத் தவிர மூன்றாவது தலைப்பில் எழுத எதுவும் மிஞ்சாது.

நம் காவலாளிக்கான வாக்கியம் இப்படி அமையும்: ‘மாவுச்சத்து உட்கொள்ளல் நேரத்திலும் அளவிலும் சீராக இல்லை, இரவு வேலையில் சாப்பாடு தள்ளிப்போவதும், ஊசிக்குப் பின் இருமுறை தாழ்சர்க்கரை வந்ததால் உண்டான பயமும் காரணம், காலையில் பட்டினி, மதியம் ஒரே வேளையில் 110 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, இரவு டீயில் சுமார் 50 கிராம் சர்க்கரை, சாயங்கால ஊசி நிறுத்தம் ஆகியவை சான்று.’ இரண்டாவதாக இன்னொன்று: ‘நினைக்காத எடையிழப்பு, உயர் சர்க்கரையால் கலோரி வீணானது காரணம், மூன்று மாதத்தில் 72-லிருந்து 66 கிலோ சான்று.’ இரண்டு போதும். ஆறு பிரச்சினை எழுதி வைத்தால் ஐந்து நாள் வார்டு வாசத்தில் ஒன்றையும் தொட முடியாது.

எழுதியது சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இந்தக் காரணத்தை டயட்டீஷியனால் நீக்கவோ குறைக்கவோ முடியுமா? இந்தச் சான்றை மறுபடி அளந்து பார்க்க முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கீழே உள்ள மூன்று தலைப்புகளும் அந்த வாக்கியத்திலிருந்தே தானாகக் கிளைக்கும்.

மூன்றாவது தலைப்பில் முதலில் வருவது உணவு அளவு. 1200 அல்ல, 1800 கலோரி. புண் ஆறவும் இழந்த எடை திரும்பவும் புரதம் 80 கிராம். கிரியேட்டினின் 1.0, சிறுநீரகம் நன்றாக இருப்பதால்தான் இந்த அளவு. அது கெட்டிருந்தால் கணக்கு மாறும். மாவுச்சத்து 220 கிராம்: மூன்று வேளைக்குத் தலா 60, இடையில் இரண்டு முறை 20. தட்டில் வைத்துப் பார்த்தால் காலைக்கு நான்கு நடுத்தர இட்லியும் சாம்பாரும், கூடவே இரண்டு முட்டை. மதியம் 150 கிராம் சோறு, சாம்பார், பொரியல், தயிர், மீன் அல்லது சுண்டல்.

காரணத்தைத் தொடும் வேலை அதற்கடுத்து வருகிறது. டீக்கு முன்பே சர்க்கரை பார்க்கவும், சாப்பாட்டுத் தட்டு வந்துசேரும் நேரத்தைப் பார்த்து ஊசி போடவும் சிஸ்டரிடம் சொல்லி, சொன்னதையும் குறிப்பில் பதிய வேண்டும். ஊசியின் வகையையோ நேரத்தையோ இரவு வேலைக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதை முடிவு செய்வது டயட்டீஷியன் அல்ல. நோயாளிக்கும் மனைவிக்கும் சொல்லிக்கொடுப்பது இரண்டே விஷயம். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு. நடுக்கம் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லி, சொன்னதைக் குறிப்பில் எழுதுவதுதான் கணக்கில் சேரும்.

கண்காணிப்பில் எச்பிஏ1சி-யை எழுதுவது பரவலான பிழை. ஐந்து நாளில் அது அசையாது. மூன்று மாதம் கழித்துத்தான் அதற்கு அர்த்தம். வார்டில் பார்க்க வேண்டியவை: சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை டாக்டர் வைத்த 100–180 இலக்குக்குள் நிற்கிறதா, தட்டில் முக்கால் பங்காவது காலியாகிறதா, 70-க்குக் கீழே ஒரு முறையாவது போனதா. எடையும் பார்க்கலாம், ஆனால் வீங்கிய காலும் ஏறும் டிரிப்பும் எடையில் பொய் சேர்க்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள். காலை 152, மதியம் 171. மாலை நான்கு மணிக்கு 262. ‘டயட் தவறியது’ என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் மதியத் தட்டு கணக்குப்படியே இருந்தது, வெளிச் சாப்பாடும் வரவில்லை. டிரிப் சார்ட்டைப் பார்த்தால் விடை கிடைக்கிறது: சரியாகச் சாப்பிடாத முதல் நாளில் எழுதிய டிஎன்எஸ் பாட்டிலை யாரும் நிறுத்தவில்லை. 500 மில்லியில் 25 கிராம் குளுக்கோஸ் நேராக ரத்தத்துக்குப் போயிருக்கிறது. ஐந்தாவது தலைப்பில் எழுதும் முடிவு இதுதான்: ‘இலக்கு பகுதியளவு எட்டப்பட்டது, மாலை உயர்வுக்கு உணவு காரணமல்ல, டிஎன்எஸ் தொடர்கிறது, டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, உணவுத் திட்டத்தில் மாற்றமில்லை.’

டிஸ்சார்ஜ் நாள் குறிப்பில் வார்டு நேரத்து அட்டவணை அவருக்குப் பயன்படாது. டாக்டர் ஊசியை டூட்டி இடத்துக்கே எடுத்துப்போகச் சொல்லி, ஒன்பது மணிக்கு மாற்றியிருக்கிறார். அதனால் எழுதுவது இது: ஒன்பதரைக்குப் பரோட்டாவுக்குப் பதில் வீட்டிலிருந்து மூன்று சப்பாத்தியும் முட்டைக் கறியும், டீ சர்க்கரையில்லாமல், காலை எட்டு மணிக்குத் தூங்கப் போகுமுன் இரண்டு இட்லி. இரண்டு வாரத்தில் ஓபிக்கு வரும்போது எடையும், டூட்டிக்கு முன்னும் பின்னும் பார்த்த சர்க்கரை எண்களும், சாயங்கால ஊசியை எத்தனை நாள் விட்டார் என்பதும் கேட்கப்படும். அன்று ஓபியில் உட்கார்ந்திருப்பவர் வேறு டயட்டீஷியனாக இருந்தாலும், எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது என்று அவர் தேட வேண்டியதில்லை.