நன்கொடை ரசீதோடு வரும் கடிதம்

2024-25 நிதியாண்டில் ஒருவர், 80ஜி அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் காசோலையாக 20,000 ரூபாயும் ரொக்கமாக 3,000 ரூபாயும் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ரசீதோடு வரும் கடிதம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: 2,000 ரூபாயைத் தாண்டிய ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது.

காசோலைத் தொகையில் பாதி, அதாவது 10,000 ரூபாய், அவருடைய வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு, செஸ் சேர்த்து 2,080 ரூபாய் மிச்சம். அவர் பழைய வரி முறையில் இருந்தால்தான் இது கிடைக்கும்.

ரசீது மட்டும் போதாது. நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்தபின் அறக்கட்டளை தரும் 10பிஇ சான்றிதழும் வேண்டும். நிதியாண்டு முடிந்தபின் வரும் மே 31க்குள் அதைத் தர வேண்டும். அதில் பான் எண்ணோ தொகையோ தவறாக இருந்தால், அறக்கட்டளையிடம் சொல்லித் திருத்திய சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். காசோலை பணமானதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அதே கோப்பில் வைக்க வேண்டும்.