கழுத்து யாருடையது?

கல்யாண வீட்டு குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில் அப்பா நிற்கிறார். அவரைத் தனியாக எடுத்த படம் வீட்டில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஃபிரேம் போட்டு மாலை சாத்த ஒரு படம் வேண்டும். வெள்ளைச் சட்டையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. நம்மூர் ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. குரூப் போட்டோவிலிருந்து தலையை எடுத்து, வேறொருவரின் உடம்பில் வைத்துத் தருவார்கள்.

வெட்டுவது இப்போது பெரிய வேலை இல்லை. ஒட்டிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. படத்தைப் பார்க்கிற பெரியம்மாவுக்கு போட்டோஷாப் தெரியாது. ஆனாலும், "என்னடா, உங்கப்பா யார் சட்டைக்குள்ளயோ இருந்து எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார். அவர் கண் போய் நின்ற இடம் கழுத்து.

இந்த வேலையில் பழகாதவர்கள் தலையைத் தாடைக் கோட்டோடு வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் உடம்புக்காரரின் கழுத்தை அந்தத் தாடையோடு இணைக்கப் படாதபாடு படுகிறார்கள். கழுத்து தலையின் பங்கு. அதை உடம்போடு விட்டு வைக்கக் கூடாது. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்குழி வரை இரண்டு பக்கமும் கயிறு மாதிரி இரு தசைகள் இறங்குகின்றன. தலையை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கத் தசை புடைக்கும். இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கத் தசை. நேராகப் பார்த்தவரின் கழுத்தில், லேசாகத் திரும்பிய தலையை வைத்தால் அந்தப் புடைப்பு இருக்காது. நிறத்தை எவ்வளவு சரிசெய்தாலும் தலை திருகி வைத்த மாதிரியே தெரியும். அதனால் தலையோடு அதன் கழுத்தையும், கூடவே பழைய சட்டையின் காலரில் கொஞ்சத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இணைப்பு விழ வேண்டிய இடம் புதுச் சட்டையின் காலர் விளிம்பு. அங்கே இயல்பாகவே ஒரு கோடு இருப்பதால் நம் கோடு அதில் மறைந்துவிடும். புடவை கட்டிய அம்மாக்களுக்குக் காலர் கிடையாது. அவர்களுக்குக் கழுத்தைக் காறை எலும்பு வரை இறக்கி, சங்கிலிக்கும் ரவிக்கை விளிம்புக்கும் அடியில் முடிப்பதுதான் நல்லது.

உடம்புக்கு யார்? இணையத்தில் கிடைக்கும் கோட்டு சூட்டு உடம்புகளைவிட வீட்டு ஆள் ஒருவரை உட்கார வைத்துப் புதிதாக எடுப்பது எவ்வளவோ மேல். நம் உதாரணத்தில் மூத்த மகனையே, அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டு உட்கார வைக்கலாம். தோளின் சரிவு பெரும்பாலும் ஒத்துப்போகும். எடுக்கும்போது மூன்றைக் கவனித்தால் போதும். குரூப் போட்டோவில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அப்பாவின் மூக்கு நிழலில் தெரியும். விளக்கை அதே பக்கம் வைக்க வேண்டும். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று பார்த்து அதே உயரத்தில் வைக்க வேண்டும். குரூப் போட்டோ தள்ளி நின்று எடுத்தது, எனவே மகனையும் தள்ளி நின்றே எடுக்க வேண்டும். கை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கியிருக்கும். அந்தத் தலையை எவ்வளவு சின்னதாக்கினாலும் தள்ளி நின்று எடுத்த உடம்பில் பொருந்தாது.

வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து வந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். இதில் மாட்டிக்கொண்ட பழைய ஆள் ஆபிரகாம் லிங்கன். 1860களில் விற்ற கம்பீரமான லிங்கன் அச்சுப்படம் ஒன்றில் தலை மட்டும்தான் லிங்கனுடையது. உடம்பு, அடிமை முறையை ஆதரித்த அரசியல்வாதியான ஜான் கால்ஹூனின் பழைய படத்திலிருந்து எடுத்தது. கால்ஹூன் 1850இலேயே இறந்துவிட்டார். ரொம்ப காலம் யாரும் கவனிக்கவில்லை. பத்திரிகையாளர் ஸ்டீபன் லோரன்ட்டுக்குத் துப்புக் கொடுத்தது லிங்கனின் கன்னத்து மரு. அது பக்கம் மாறியிருந்தது. தலையைத் திருப்பினால் மருவும் வகிடும் மூக்குத்தியும் இடம் மாறும். உடம்பைத் திருப்பினால் சட்டைப் பாக்கெட் வலது மார்புக்குப் போய்விடும்.

இனி அளவு. நேராக உட்கார்ந்த ஆணின் தோள் அகலம், உச்சியிலிருந்து தாடை வரையான தலை உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாடைக்கும் கழுத்துக்குழிக்கும் உள்ள தூரம் தலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மகனின் படத்தில் தோள் அகலம் 1000 பிக்சல் என்றால் தலை 500 பிக்சலில் தொடங்கலாம். வயதானவர்களுக்குத் தோள் ஒடுங்கியிருக்கும், கழுத்து லேசாக முன்னுக்கு வந்திருக்கும். அதனால் தோளைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, தலையைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். முகம்தானே முக்கியம் என்று தலையைப் பெரிதாக்கும் பக்கமே நம் கை சாயும். தலையாட்டி பொம்மை போன்ற படங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

நிறத்தில்தான் அதிக நேரம் போகிறது. அதற்குக் காரணம், இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. ஒன்று வெளிச்சத்தின் நிறம், இன்னொன்று தோலின் நிறம். மண்டபத்தில் வீடியோ விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஸ்டுடியோவில் ஃபிளாஷ் வெள்ளையாக அடித்தது. அது போக, அப்பா மகனைவிடக் கறுப்பு. பலர் அப்பாவின் கன்னத்தையும் மகனின் கழுத்தையும் ஒப்பிட்டு ஒரே இழுப்பில் இரண்டையும் சரிக்கட்டப் பார்ப்பார்கள். கடைசியில் கன்னம் பொருந்தும். நரைத்த முடி மஞ்சளாகவே நிற்கும், கண்ணின் வெள்ளை நீலம் பூத்துவிடும்.

தலையோடு பழைய காலரையும் எடுக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். குரூப் போட்டோவிலும் அப்பா வெள்ளைச் சட்டைதான். அந்தக் காலரில் நிழல் விழாத, வெளிறியும் போகாத இடத்தில் அளந்தால் சிவப்பு 226, பச்சை 208, நீலம் 172 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வெள்ளைத் துணியில் மூன்றும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். நீலம் இவ்வளவு இறங்கியிருப்பது விளக்கின் மஞ்சள். Curves-இல் சாம்பல் சொட்டானை எடுத்து அந்தக் காலரில் ஒரு முறை தொட்டால் மஞ்சள் முகம், முடி, கண் எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்தே இறங்கிவிடும். புதுப் படத்துச் சட்டையிலும் அதையே செய்ய வேண்டும். இப்போது இருவரும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறார்கள். பழைய காலரை மறைத்துவிடலாம்.

அதன் பிறகுதான் தோல். அப்பாவின் கன்னத்தில் 150, 110, 88. மகனின் புறங்கையில் 178, 134, 108. ஒரே ஒரு புள்ளியை அளந்தால் ஏமாந்துபோவோம். சொட்டானை 11-க்கு-11 சராசரியில் வைத்து அளக்க வேண்டும். இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் மூன்றுமே ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு. அதாவது நிறம் ஒன்றேதான், மகனின் கை வெளிச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். தோலுக்கு மட்டும் மாஸ்க் போட்டு Curves-இன் நடுப்பகுதியைக் கீழே இறக்கினால் வேலை முடிந்தது. சட்டையைத் தொடவே வேண்டாம். மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தால் வெளிச்சம் பொருந்தியதா என்பது பளிச்சென்று தெரியும். நிறம் கண்ணிலிருந்து விலகியதும் ஏற்ற இறக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

கழுத்தை முகத்தின் நிறத்துக்கு வெளுக்காதீர்கள். நம்மவர்களில் நிறைய பேருக்கு முகத்தைவிடக் கழுத்து ஒரு சாயல் கறுப்புதான், தாடை நிழலும் அதன் மேல் விழுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் முகத்துக்கும் மார்புக்கும் நடுவில் மெழுகுக் குழாய் செருகிய மாதிரி இருக்கும்.

தாடை கழுத்தில் போடும் நிழல், கழுத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது. நாம் போட வேண்டியது சட்டைக்கும் கழுத்துக்கும் இடையிலான நிழல்தான். காலரை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு லேயராக வெட்ட வேண்டும். பின்பாதி கழுத்துக்குப் பின்னால் போகும், முன்பாதி கழுத்துக்கு மேலே வரும். அப்பாவின் கழுத்து மெலிந்தது, மகனின் காலர் அகலம். நடுவில் ஒரு சந்து விழும். அந்தச் சந்துக்குள் வெளிச்சம் போகாது என்பதால் அங்கே நிழல் அடர்த்தியாகவும், வெளியே வரவர நீர்த்தும் இருக்க வேண்டும். Multiply லேயரில், 15 சதவீதம் பலமுள்ள பிரஷ்ஷால் பல தடவை தடவி ஏற்றுவது என் வழக்கம். நிழலுக்குக் கறுப்பை எடுத்தால் தோல் சாம்பல் பூசிய மாதிரி செத்துப்போகும். தோல் மேல் விழும் நிழலுக்கு அவர் தாடைக்கு அடியிலிருந்தே கரும்பழுப்பைத் தொட்டு எடுக்க வேண்டும். காலர் துணி மேல் விழும் நிழலுக்கு அந்தச் சட்டையின் மடிப்பிலிருக்கும் சாம்பலை எடுக்க வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டுக்கும் போட்டால் வெள்ளைக் காலரில் அழுக்குப் பிடித்த மாதிரி தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் தலை தனியாகத் தெரிந்தால், பெரும்பாலும் குற்றம் கூர்மையில் இருக்கும். குரூப் போட்டோ பிரிண்டில் அப்பாவின் தலை 1.8 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் கிடைப்பது சுமார் 425 பிக்சல். படத்தின் உயரத்தில் தலை கால் பங்கு என்றால், 12-க்கு-18 ஃபிரேமில் அது நாலரை அங்குலம் வரும். அங்குலத்துக்கு 94 பிக்சல். முகம் பஞ்சுபோல் இருக்கும். 8-க்கு-12 ஃபிரேமில் 140 பிக்சல் கிடைக்கும், சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். பெரிய ஃபிரேம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சட்டையை முகத்தின் அளவுக்கு மங்கவைத்து, கடைசியாகத் தலை, உடம்பு, பின்னணி மூன்றுக்கும் மேல் ஒரே லேயரில் கொஞ்சம் புள்ளி தூவினால் எல்லாம் ஒரே படத்தின் துண்டுகளாக ஒட்டிக்கொள்ளும். பிரிண்ட் போடுமுன் படத்தை இடவலமாகத் திருப்பி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி ஒரு முறை பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய தோள் சாய்வும் தலைப் பெருக்கமும் அப்போது சிக்கும்.

ஒன்று மட்டும் எந்த லேயராலும் தீராது. முட்டி மேல் வைத்திருக்கும் கைகள் முப்பத்தைந்து வயதுக் கைகள். நிறத்தை இறக்கலாம், சுருக்கமும் நரம்பும் முட்டு தட்டிய விரல்களும் எங்கிருந்து வரும்? அப்பா தம்பியோ, அவர் வயது அண்டைவீட்டுக்காரரோ உட்கார்ந்தால் உண்டு. இல்லையென்றால் படத்தை மார்போடு, இரண்டாவது பொத்தானுக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் வழி.