கேக்ஸிலிருந்து ஹேண்டி வரை

1891இல் ஹனோவர் நகர பிஸ்கட் உற்பத்தியாளர் ஹெர்மன் பால்சன், தன் புதிய வெண்ணெய் பிஸ்கட்டுக்கு 'லைப்னிட்ஸ் கேக்ஸ்' என்று பெயரிட்டார். லைப்னிட்ஸ் அந்த ஊரில் வாழ்ந்த தத்துவஞானி. 'கேக்ஸ்' இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் பால்சன் அறிந்துகொண்ட ஆங்கிலச் சொல். பொட்டலத்தின்மேல் அதை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே அச்சிட்டார். வாங்க வந்தவர்களோ ஜெர்மன் முறைப்படி எழுத்தெழுத்தாகக் கூட்டி 'காக்கெஸ்' என்று கேட்டார்கள். இருபது ஆண்டுகள் பார்த்துவிட்டு, 1911இல் பால்சன் மக்கள் வழிக்கே வந்தார். ஆங்கில உச்சரிப்பு ஜெர்மன் வாயில் தானாக வரும்படி, 'கே' எழுத்தில் தொடங்கும் புதிய எழுத்துக்கூட்டலை அமைத்தார்.

மாறியது எழுத்து மட்டுமல்ல. ஆங்கிலத்தில் பன்மையான 'கேக்ஸ்' ஜெர்மனில் ஒருமையாகிவிட்டது. ஒரு பிஸ்கட் 'கேக்ஸ்', இரண்டு வாங்கினால் 'கேக்ஸெ'. ஆங்கிலேயர் மெத்தென்ற கேக்கை நினைக்கும் இடத்தில் ஜெர்மானியர் மொறுமொறு பிஸ்கட்டைக் கடித்தார்கள். இன்று இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தக் காலத்துக்கு அது இயல்பான வழி. வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் 'ஸ்ட்ரைக்' ஜெர்மன் எழுத்துக்கூட்டலுக்கு மாறி 'ஷ்ட்ரைக்' ஆனது. நிலக்கரியிலிருந்து கிடைக்கும் 'கோக்' அதன் பன்மை வடிவத்தோடு உள்ளே வந்து, 'கோக்ஸ்' என்ற ஒருமைச் சொல்லாக நிலைத்தது.

இன்னொரு வழி, ஆங்கிலச் சொல்லையே அகற்றிவிட்டு ஜெர்மன் சொல்லை வைப்பது. ப்ரவுன்ஷ்வைக் நகரப் பள்ளி ஆசிரியர் கொன்ராட் கோஹ் 1874இல் தன் மாணவர்களுக்குக் கால்பந்தை அறிமுகப்படுத்தினார். விளையாட்டோடு 'கோல்', 'கார்னர்', 'ஆஃப்சைடு' எல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தன. உடற்பயிற்சி மரபில் ஊறிய தேசியவாதிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1898இல் கார்ல் பிளாங்க் என்பவர் கால்பந்தை 'ஆங்கில நோய்' என்று ஏசி ஒரு நூலே வெளியிட்டார். விளையாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் பேச்சை ஜெர்மனாக்க வேண்டும் என்பது கோஹின் கணக்கு. 1903இல் கால்பந்துக்கான ஜெர்மன் கலைச்சொற்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். ஆஃப்சைடு 'அப்ஸைட்ஸ்' ஆனது. கார்னர் 'எக்கெ' ஆனது. கோல் 'டோர்' ஆனது. ஜெர்மனியில் அந்தச் சொற்களே நிலைத்துவிட்டன. கோஹின் கை எட்டாத சுவிட்சர்லாந்தில், அதே ஜெர்மன் மொழி பேசுபவர்கள் இன்றும் 'கோல்', 'கார்னர்', 'பெனால்டி' என்கிறார்கள்.

1945க்குப் பிறகு காற்று திசை மாறியது. மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைகளோடு அவர்களின் வானொலி, ஜாஸ், சினிமா எல்லாம் வந்து சேர்ந்தன. ஆங்கில ஒலிக்கே ஒரு மவுசு உண்டானது. கடன் வாங்கிய சொற்கள் போதாமல், ஜெர்மானியர் தாங்களே ஆங்கிலச் சொற்களை உருவாக்கத் தொடங்கினார்கள். அதற்கு மூன்று உத்திகள் இருந்தன.

முதலாவது, உள்ள சொல்லின் சாயலில் புதிதாக ஒன்றைச் செய்வது. தலைவழியே மாட்டும் கம்பளிச் சட்டை 'புல்லோவர்' என்றால், சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கம்பளி உடுப்பு 'புல்லுண்டர்'. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. பதின்பருவத்தினர் 'டீன்' என்றால் இருபதுகளில் இருப்பவர் 'ட்வென்'. 1959இல் அந்தப் பெயரில் ஒரு பத்திரிகையே வந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் 'ஷோமாஸ்டர்' ஆனார். இரண்டாவது, 1945க்கு முன்பிருந்தே நடந்துவந்த உத்தி, நீளமான சொல்லை வெட்டுவது. விருந்துகளுக்கு அணியும் கறுப்புக் கோட்டு 'ஸ்மோக்கிங்'. ஆங்கிலத்தின் 'ஸ்மோக்கிங் ஜாக்கெட்'டிலிருந்து 'ஜாக்கெட்' உதிர்ந்துவிட்டது. மூன்றாவது, ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து வேறு பொருள் ஏற்றுவது. ஆங்கிலத்தில் 'ஓல்டுடைமர்' வயதான மனிதர். ஜெர்மனில் பழங்காலக் கார். சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர் 'பீமர்'.

இவற்றில் புகழ்பெற்றது 'ஹேண்டி', அதாவது கைபேசி. 1992இல் ஜெர்மனியில் புதிய டிஜிட்டல் கைபேசிச் சேவைகள் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இந்தச் சொல் வீடு வீடாகப் பரவிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹேண்டி' என்றால் கைக்கு வசதியானது என்று பொருள். அது பெயர்ச்சொல்லே அல்ல. இரண்டாம் உலகப்போரில் மோட்டரோலா நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த 'ஹேண்டி-டாக்கி' என்ற கைவானொலியிலிருந்து, வானொலி ஆர்வலர்கள் வழியாக இது வந்திருக்கலாம் என்பது நம்பத்தகுந்த விளக்கம். கம்பி இல்லாத தொலைபேசியைக் கண்ட தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வேபியர் ஒருவர், "ஹென் டீ கோய் ஷ்னூர்?" (இவங்களுக்கு வயரே இல்லையா?) என்று தம் வட்டார வழக்கில் வியந்ததிலிருந்து வந்தது என்பது ஜெர்மானியரின் செல்ல வேடிக்கை.

ஆங்கிலத்தில் எழுதினாலும் 'ஹேண்டி' ஜெர்மன் இலக்கணத்துக்கு அடங்கித்தான் நடக்கிறது. அதற்கு முன்னால், ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத பாலுக்குரிய 'டாஸ்' என்ற சுட்டு வரும். முதலெழுத்து எப்போதும் பெரிய எழுத்து. பன்மையில், ஆங்கில விதிப்படி ஈற்றெழுத்தை மாற்றுவதில்லை. ஓர் 'எஸ்' சேர்ப்பதோடு சரி. தேடுபொறியில் தேடுவதைக் குறிக்கும் 'கூகெல்ன்' என்ற வினையும் அப்படியே. இறந்தகாலத்தில் அது 'கெகூகெல்ட்' என்று பழைய ஜெர்மன் வினைகளின் அச்சில் வார்க்கப்படுகிறது. அன்று ஆங்கிலச் சொல் ஜெர்மன் வேடம் கட்டியது. இன்று ஜெர்மன் சொல் ஆங்கில வேடம் கட்டுகிறது.

வேடம் எப்போதும் எடுபடுவதில்லை. டக்ளஸ் என்ற வாசனைத் திரவியக் கடைச் சங்கிலி, 'உள்ளே வந்து கண்டறியுங்கள்' என்ற பொருளில் ஆங்கில விளம்பர வாசகம் ஒன்றை வைத்திருந்தது. 2003இல் ஒரு நிறுவனம் மக்களிடம் கேட்டுப் பார்த்தபோது, 'உள்ளே வந்து வெளியேறும் வழியைக் கண்டுபிடியுங்கள்' என்று பலர் புரிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. டக்ளஸ் பிறகு ஜெர்மன் வாசகத்துக்கு மாறியது.

2006 உலகக்கோப்பையின்போது திறந்தவெளித் திரைகளில் கூடிப் போட்டி பார்ப்பதற்கு 'பப்ளிக் வ்யூயிங்' என்ற பெயர் பரவியது. அமெரிக்காவில் அதற்குப் பிணத்தைப் பார்வைக்கு வைப்பது என்று பொருள் எனச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். அந்தப் பொருள் இருந்தாலும், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் எதற்கும் ஆங்கிலத்தில் அதைச் சொல்லலாம். ஜெர்மானியரே இதற்கு 'ரூடெல்குக்கென்' என்று விளையாட்டாக ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள்: மந்தையாகக் கூடி வேடிக்கை பார்ப்பது. 2020இல் பெருந்தொற்று 'ஹோம் ஆபிஸ்' என்ற சொல்லை எல்லோர் வாயிலும் வைத்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதை 'ஹோம் ஆபிஸில் இருக்கிறேன்' என்று ஜெர்மானியர் சொல்வதை லண்டன்காரர் கேட்டால், உள்துறை அமைச்சகத்தில் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

இப்போது அடுத்த திருப்பம் தெரிகிறது. 'ஆண்டின் இளைஞர் சொல்' தேர்வில் 2020இல் வென்றது 'லாஸ்ட்', 2021இல் 'க்ரிஞ்ச்'. இரண்டும் ஜெர்மானியர் இட்டுக்கட்டியவை அல்ல. ஆங்கில இளைஞர் பேசும் பொருளிலேயே வந்தவை. காணொளியிலும் விளையாட்டிலும் தினமும் ஆங்கிலம் கேட்டு வளரும் தலைமுறைக்கு, அதைக் கற்பனையால் இட்டு நிரப்ப வேண்டிய தேவை குறைவு. 'ட்வென்' ஏற்கெனவே வழக்கொழிந்துவிட்டது. 'புல்லுண்டர்' தாத்தாக்களின் அலமாரியில் கிடக்கிறது. 'ஹேண்டி'யை மட்டும் யாராலும் அசைக்க முடியாது. அது இங்கிலீஷ் இல்லை என்று பள்ளியில் படித்துத் தெரிந்துகொண்ட பிள்ளைகளும் வகுப்பு முடிந்ததும் தேடுவது அதைத்தான்.