மிக்ஸி ஓடினால் ரேடியோ ஏன் கரகரக்கிறது?

மிக்ஸியின் அடியில் காற்றுப் போவதற்காக விட்டிருக்கும் பிளவுகள் வழியே, சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், அது ஓடும்போது உள்ளே நீல நிறத்தில் சின்னச் சின்னப் பொறிகள் தெறிப்பது தெரியும். அந்த நேரத்தில் பக்கத்து அறை ரேடியோவில் மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி நிலையம் ஓடிக்கொண்டிருந்தால், செய்தி வாசிப்பவரின் குரல் ஒரு ‘கர்ர்’ சத்தத்துக்குள் மூழ்கிவிடும். அந்தப் பொறிதான் இந்தச் சத்தம். மிக்ஸி கெட்டுவிட்டதோ என்று பலர் பயப்படுகிறார்கள். நல்ல மிக்ஸியிலும் பொறி இருக்கும்; அது எந்த அளவில் இருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

மின்விசிறியிலோ வெட் கிரைண்டரிலோ இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். கார்பன் பிரஷ் இல்லாதது. ஆனால் நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. தேங்காயும் காய்ந்த மிளகாயும் சின்ன ஜாரில் நொடியில் பொடியாக வேண்டுமானால் அதைப்போல ஆறு மடங்கு வேகம் தேவை. அதனால்தான் மிக்ஸியில் யுனிவர்சல் மோட்டார் வைக்கிறார்கள். அதில் சுற்றும் பகுதியான ஆர்மேச்சருக்குள்ளும் மின்சாரம் போயாக வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு ஒயரை நேராக இணைக்க முடியாதே. ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் மின்சாரம் தாண்டாதபடி மெல்லிய காப்பு வைத்திருப்பார்கள். இதுதான் கம்யூட்டேட்டர். இதன் இரு பக்கமும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கரித்துண்டுகள்தான் கார்பன் பிரஷ்.

கம்யூட்டேட்டரில் 24 பட்டைகள் உள்ள, 550 வாட் மிக்ஸி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் விநாடிக்கு 300 சுற்று. அப்படியானால் ஒவ்வொரு பிரஷ்ஷுக்கு அடியிலும் விநாடிக்கு 7,200 பட்டைகள் கடந்து போகின்றன. மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய இரண்டரை ஆம்பியர். அது ஆர்மேச்சருக்குள் இரண்டு வழியாகப் பிரிவதால், ஒவ்வொரு காயிலிலும் ஒன்றேகால் ஆம்பியர் ஓடும். பட்டை பிரஷ்ஷைக் கடக்கும் அந்தக் கணத்தில், அதோடு இணைந்த காயிலில் இந்த ஒன்றேகால் ஆம்பியர் நின்று, அப்படியே எதிர்த்திசையில் திரும்பி ஓட வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த எந்தக் காயிலும் இப்படித் திடீரென்று மாற உடன்படாது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் குழாயே அதிருமே, அதுபோல ஓட்டத்தை வெடுக்கென்று அறுத்தால் காயிலில் மின்னழுத்தம் எகிறும். திரும்பி முடியாமல் மிச்சம் இருக்கும் மின்சாரம், பட்டை பிரஷ்ஷை விட்டு விலகும் விளிம்பில், இடையிலுள்ள காற்றைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் பொறி. பெரிய டி.சி. மோட்டார்களில் இதைத் தணிக்கவே தனியாக இடைத்துருவங்கள் வைப்பதுண்டு. கைக்கு அடக்கமான மிக்ஸியில் அதற்கு இடமில்லை. போதாக்குறைக்கு நம் வீட்டு மின்சாரம் ஏ.சி. ஃபீல்டு காயிலின் காந்தப்புலம் ஓயாமல் ஏறி இறங்குவதால், பிரஷ்ஷுக்கு அடியில் இருக்கும் காயில் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மராகி, தன் பங்குக்கும் பொறியை வளர்க்கிறது.

இனி ரேடியோவுக்கு வருவோம். 1887-ல் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை முதன்முதலில் உண்டாக்கியது ஒரு பொறி இடைவெளியில்தான். மார்க்கோனி 1901-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சைகை அனுப்பியதும் பொறி டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுதான். பொறிக்குத் தனக்கென்று ஒரு அலைவரிசை கிடையாது. மின்சாரம் சட்டென்று ஏறிச் சட்டென்று அறும்போது, ஒரே நேரத்தில் எண்ணற்ற அலைவரிசைகளில் சக்தி சிதறுகிறது. அந்தக் காரணத்தாலேயே பொறி டிரான்ஸ்மிட்டர்கள் பிற்பாடு கைவிடப்பட்டன. மிக்ஸி ஓடும்போது நீங்கள் டயலை எங்கே திருகினாலும் கரகரப்பு கூடவே வருவதற்கும் இதுதான் காரணம்.

சிறிய மிக்ஸி எப்படி வீடு முழுக்க ஒலிபரப்புகிறது? 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 320 மீட்டர். மிக்ஸியின் உடம்பு அதற்கு நல்ல ஆன்டெனா ஆகாது. ஆனால் அதன் ஒயர் சுவருக்குள் போகும் வயரிங்கோடு சேர்கிறது. வீட்டு வயரிங்கே ஆன்டெனாவாகிவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரேடியோவைக் கரண்டில் ஓட்டாமல் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தால், அதில் பெரும்பங்கு ஒயர் வழியாகவே வந்திருக்கிறது. மீதியைக் குறைக்க ரேடியோவைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சி ஆன்டெனா ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சலைக் கணிசமாக விட்டுவிடும். அந்தக் கோணத்தில் நிலையமும் மங்கிப் போகாமல் இருக்க வேண்டும்.

எஃப்.எம். ரேடியோவில் இவ்வளவு தொல்லை தெரியாது. மீடியம் வேவ் ஒலியை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புகிறது. பொறியும் உயரத்தில்தான் குத்துகிறது. ரேடியோவுக்கு எது பாட்டு, எது பொறி என்று பிரிக்கத் தெரியாது. எஃப்.எம்.மில் ஒலி அலைவரிசை மாற்றத்தில் இருப்பதால், உயரத்தில் வரும் குத்துகளைப் பெட்டி வெட்டித் தள்ளிவிடும். தூரத்து நிலையமாக, சிக்னல் மெலிந்து இருந்தால் அங்கேயும் இரைச்சல் நுழையும்.

நேற்றுவரை மெலிதாக இருந்த இரைச்சல் இன்று தாங்க முடியவில்லை என்றால் மிக்ஸியைக் கவனிக்க வேண்டும். நீலமாக, பிரஷ்ஷின் விளிம்போடு நிற்கும் சிறு பொறி இயல்பானது. பொறி மஞ்சளாகி, நீண்டு, கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம்போல ஓடினால் அது கோளாறு. பெரும்பாலும் பிரஷ் தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் அழுத்தம் இழந்து, பிரஷ் குதிக்க ஆரம்பித்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகு பிரஷ்ஷை வெளியே எடுத்துப் பார்த்தால் தெரியும்; அரை சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது பிரஷ்ஷின் முகம் தட்டையாக இருக்கும், கம்யூட்டேட்டரோ வளைவு. உரசி உரசி வளைவு படியும்வரை பொறி சற்று அதிகமாகவே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். கம்யூட்டேட்டர் முழுக்க ஒரே சாக்லேட் நிறமாக இருப்பது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று அந்தப் படலத்தை எடுத்துவிடக் கூடாது. ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கரிந்து கறுத்திருந்தால், ஆர்மேச்சரில் ஒரு காயில் அறுந்திருக்க வாய்ப்புண்டு. பிரஷ் மாற்றி அது தீராது.

பிரஷ் நன்றாக இருந்தும் இரைச்சல் குறையவில்லையா? நல்ல தயாரிப்புகளில் இரு ஃபீல்டு காயில்களையும் ஆர்மேச்சருக்கு ஆளுக்கொரு பக்கமாக இணைத்திருப்பார்கள். அந்தச் சுற்றுகளே சோக் காயில்போல நின்று, இரைச்சல் ஒயருக்குப் போகாமல் ஓரளவு தடுக்கும். கூடவே உள்ளே நுழையும் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கன்டன்சர் ஒன்று இருக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய மூடிய கதவு. ரேடியோ அலைவரிசைக்கோ திறந்த வழி. பொறியின் மின்னலை வெளி வயரிங்குக்கு விடாமல் உள்ளேயே சுற்றவைத்து விடுகிறது. செலவைக் குறைக்க இதை விட்டுவிட்ட மிக்ஸிகளும் உண்டு, பல வருட ஓட்டத்தில் அது செத்துப்போன மிக்ஸிகளும் உண்டு. மாற்ற வேண்டுமானால் மெக்கானிக்கிடம் எக்ஸ்2 என்று குறித்த, மெயின் லைனுக்கென்றே செய்த கன்டன்சரைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். சாதாரண ரகம் 230 வோல்ட்டில் ஷார்ட்டாகித் தீப்பிடிக்கக் கூடும்.