ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

உப்பு நிலம் உள்ள ஊர்களில் உழவர் கூட்டம் போட்டால், பேச வந்தவரைத் திணற வைக்கும் கேள்வி ஒன்று கட்டாயம் வரும்: ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போட வேண்டும்? கேட்பது எளிது. மேடையில் நின்றபடி அதற்கு நேர்மையாக ஓர் எண்ணைச் சொல்ல யாராலும் முடியாது.

காரணம் மண்ணில் இருக்கிறது. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். வெயில் காலத்தில் மேலே வெள்ளை பூக்கும். களர் நிலத்தின் தொல்லை வேறு. அங்கே சோடியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். பெய்த மழை உள்ளே இறங்காமல் நாள்கணக்கில் நிற்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கும்; விலகியதை நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். ஆகவே ஜிப்சம் களருக்குத்தான் கேட்கும். வெறும் உவராக இருந்தால் நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வழி. களர் என்று உறுதியான பிறகும் அளவு வயலுக்கு வயல் மாறும். அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இனி ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பேசுபவர் வேளாண் அலுவலர். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுகிறார்.

“மேடம், எங்க போர் தண்ணி உப்புக் கரிக்குது. நட்ட நாத்துல பாதி கருகிடுது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம்?”

“எனக்குத் தெரியலைங்க ஐயா. உங்க மண்ணைப் பார்க்காம அதைச் சொல்ல முடியாது.”

“போன வருஷம் கடையில பத்து மூட்டைன்னாங்க. போட்டேன். ஒண்ணும் தெரியலை.”

“நானும் இப்ப ஒரு கணக்குச் சொன்னா அதே கதைதாங்க ஆகும். களரா இருந்தா ஜிப்சம் கேட்கும், வெறும் உவரா இருந்தா கேட்காது. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். உங்க வயல் எதுன்னு மண்ணும் தண்ணியும் பார்த்தாதான் தெரியும்.”

“நடவுக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு.”

“அதனாலதான் நாளைக்கே மண்ணு எடுக்கணும். பத்துப் பதினஞ்சு இடத்துல அரையடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அரைக் கிலோ போதும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்தத் தண்ணியிலேயே பாட்டிலைக் கழுவிப் பிடிங்க. உங்க நம்பரை இப்பவே சொல்லுங்க, எழுதிக்கிறேன். முடிவு வந்ததும் நானே கூப்பிடுறேன்.”

இந்த அலுவலர் ‘தெரியலை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். ‘ரொம்ப நல்ல கேள்வி’ என்று தொடங்கி, ஜிப்சத்தின் வரலாற்றைச் சொல்லி, கடைசியில் நழுவியிருந்தால் பெரியவருக்குப் புரியாமலா போகும்? அதைவிட முக்கியம், தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே அவர் போட்ட வரப்பு. உவர், களர் வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னார். அந்த வயல் எது என்பதை மட்டும் நிறுத்திவைத்தார். அதனால் கேட்டவர் வெறுங்கையோடு உட்காரவில்லை. பக்கத்து இருக்கைக்காரரும் ஜிப்சம் வாங்குமுன் ஒருமுறை யோசிப்பார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நாலு முறை ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்றிருந்தால், பெரியவரே எழுந்து அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

எனக்குச் சற்றும் பிடிக்காத பதில், ‘கூட்டம் முடிஞ்சதும் தனியா வந்து பாருங்க.’ இதே தொல்லை உள்ள இன்னும் பத்துப் பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை. ‘இங்க யாருக்காவது தெரியுமா?’ என்று கூட்டத்தைக் கேட்பது அப்படியல்ல. களர் நிலத்தைத் திருத்தி விளைவித்த ஒருவர் அங்கே இருக்கலாம். ஆனால் தனக்குத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் அதைக் கேட்க வேண்டும்; முன்னால் கேட்டால் பரீட்சை வைப்பதுபோல ஆகிவிடும்.

எல்லாத் ‘தெரியலை’யும் மன்னிக்கத்தக்கதல்ல. மண் திருத்தம் பற்றிப் பேச வந்தவருக்கு உவருக்கும் களருக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், எவ்வளவு பணிவாக ஒப்புக்கொண்டாலும் அவர் தயாராகாமல் வந்தவர்தான்.

பெரும்பாலும் காரியம் கெடுவது கூட்டத்துக்குப் பிறகு. நம்பர் எழுதிய தாள் பைக்குள்ளேயே கிடக்கும். ஆய்வக முடிவு தாமதமானால், ‘இன்னும் வரலைங்க ஐயா’ என்று சொல்லவாவது கூப்பிட வேண்டும். நடவு முடிந்த பிறகு வரும் பதிலால் அந்தப் பட்டத்துக்குப் பயனில்லை. முடிவு வந்ததும் பெரியவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் அடுத்த கூட்டத்தில் அந்த வயலையே எடுத்துக்காட்டாக வைத்து மற்றவர்களுக்கும் விளக்கலாம். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்றாலும், பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர்.