டையோடு கடத்தும் நேரம்

பாலிடெக்னிக் தேர்வுகளில் கிளிப்பரும் கிளாம்பரும் அடிக்கடி வரும். சைன் அலை, டையோடு, ஒரு பேட்டரி. வெளியீட்டு அலையை வரைய வேண்டும். பலரும் புத்தகப் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். பேட்டரியைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் பென்சில் நின்றுவிடுகிறது. டையோடு எப்போது கடத்தத் தொடங்கும் என்று மட்டும் கேட்டுப் பழகினால் மனப்பாடமே வேண்டாம்.

உச்சம் 10 வோல்ட் உள்ள சைன் அலையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு மின்தடை வழியாக வெளியீட்டுக்கு வருகிறது. வெளியீட்டுக்குக் குறுக்கே சிலிக்கன் டையோடு, ஆனோடு மேலே. கேத்தோடு 3 வோல்ட் பேட்டரியின் நேர்முனையில், எதிர்முனை தரையில். டையோடுக்கு 0.7 வோல்ட் தேவை. ஆக, வெளியீடு 3.7 வோல்ட்டைத் தொடும்வரை டையோடு இல்லாதது போலவே இருக்கும். உள்ளீடு அப்படியே வெளியே வரும். 3.7ஐத் தொட்டதும் டையோடு கடத்துகிறது. மிச்ச வோல்ட் முழுவதும் மின்தடையில் விழுகிறது. படத்தில் சுமார் 22 டிகிரியிலிருந்து 158 டிகிரி வரை தட்டையான கோடு. எதிர் அரைச்சுற்றில் எந்த மாற்றமும் இல்லை, -10 வரை இறங்கும். இதுதான் கிளிப்பர். பேட்டரியை மட்டும் திருப்பினால் எல்லை -3 கூட்டல் 0.7, அதாவது -2.3 வோல்ட். அதற்கு மேலுள்ள எல்லாம் வெட்டுப்பட்டு, அலையின் அடிப்பகுதி மட்டும் மிஞ்சும்.

இப்போது பேட்டரியைப் பழையபடி வைத்து, மின்தடை இருந்த இடத்தில் மின்தேக்கியைப் போடுங்கள்; மின்தடையை வெளியீட்டுக்குக் குறுக்கே மாற்றுங்கள். முதல் கால் சுற்றில் படம் கிளிப்பரைப் போலவேதான் இருக்கும்: 3.7 வரை ஏற்றம், பிறகு தட்டை. ஆனால் இம்முறை மிச்ச வோல்ட்டை மின்தேக்கி சேமித்துக்கொள்கிறது. உச்சத்தை எட்டும்போது அதில் 6.3 வோல்ட் இருக்கும். உள்ளீடு இறங்கத் தொடங்கியதும் டையோடு நின்றுவிடும்; அந்த 6.3 வெளியேற வழியில்லை. அதன்பின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ளீட்டிலிருந்து 6.3ஐக் கழித்தால் வெளியீடு கிடைத்துவிடும். மேல் உச்சம் 3.7, கீழ் உச்சம் -16.3. இடைவெளி அதே 20 வோல்ட், வடிவமும் முழு சைன். கிளாம்பர் படத்தில் இந்த 20 வரவில்லை என்றால் எங்கோ தவறு.

மின்தேக்கி உண்மையிலேயே தேக்கிவைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 50 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். 10 மைக்ரோஃபாரடும் 100 கிலோஓமும் சேர்ந்தால் நேர மாறிலி ஒரு விநாடி. சுற்றைவிட ஐம்பது மடங்கு. மின்தடையை 1 கிலோஓம் ஆக்கினால் மாறிலி 10 மில்லிசெகண்ட்தான். சுற்று முடியுமுன்பே மின்தேக்கி பெருமளவு வடிந்து, அலை கோணலாகிவிடும்.

ஆய்வகத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிலாஸ்கோப் ஏ.சி. நிலையில் இருந்தால் அது நேர்மின் பகுதியை வடிகட்டிவிடும். கிளாம்பர் சரியாக வேலை செய்தாலும் திரையில் அலை நகராமல் நடுவிலேயே நிற்கும். டி.சி. நிலைக்கு மாற்றிய பிறகுதான் அதன் உச்சி 3.7இல் வந்து நிற்பது தெரியும்.